மா ஏக்கராக மாறிய கதை: பிராம்ப்ட் சங்கிலி கேள்வி-பதில்

ஏஐயை வைத்து அறிக்கை எழுதும் வேலையை, ஒன்றில் வந்த பதில் அடுத்ததற்குப் போகும் சங்கிலியாக, எத்தனை பிராம்ப்ட்டாகப் பிரிக்க வேண்டும்? (கும்பகோணம்)

எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் வந்ததை நீங்களே கண்ணால் சரிபார்க்க முடியுமோ, அங்கே வெட்டுங்கள். சாதாரண அறிக்கைக்கு நாலைந்து போதும். சரிபார்க்க முடியாத இடத்தில் வெட்டினால் பிராம்ப்ட்தான் கூடும், பயன் கூடாது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை. 30 ஊர்களிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த சம்பா அறுவடைக் குறிப்புகளை நான்கு பிராம்ப்ட்டாகப் பிரித்து அறிக்கை எழுதினேன். சில ஊர்களில் மழையால் விளைச்சல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்று வந்துவிட்டது. கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். ஏஐ ஏன் இப்படிப் பொய் சொல்கிறது? (மன்னார்குடி)

நீங்கள் அனுப்பிய நாலு பதில்களையும் படித்தேன். பொய் நாலாவதில் இல்லை, முதலாவதிலேயே விழுந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் எழுதியது "மாவுக்கு 10 மூட்டை". முதல் படியில் அது "ஏக்கருக்கு 10 மூட்டை" என்று அட்டவணையில் ஏறியிருக்கிறது. ஒரு ஏக்கர் ஏறக்குறைய 3 மா. 30 மூட்டை கண்டுமுதல் கண்டவர் தலையில் 10 மூட்டையைக் கட்டியாயிற்று. மூன்றாம் பிராம்ப்ட்டில் "விளைச்சல் வேறுபாட்டுக்குக் காரணம் எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டால் அது எழுதத்தானே செய்யும்? மழையைப் பிடித்துப் போட்டுவிட்டது. நாலாவது படி அதற்கு நல்ல நடையும் கொடுத்துவிட்டது. தவறு ஒவ்வொரு படியாக ஏற ஏற, மேலும் மேலும் நம்பும்படி ஆகிறது.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். பிரிப்பதை எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள், நடுவில் நின்று பார்ப்பதை யாரும் செய்வதில்லை. உங்கள் அட்டவணையில் 28 வரிசைதான் இருக்கிறது, ஐயா! இரண்டு ஊர் காணோம். எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா?

முதல் படியை இப்படி மாற்றுங்கள். 30 குறிப்பையும் ஒரே மூச்சில் கொட்டாமல், பத்துப் பத்தாகக் கொடுங்கள்:

```
கீழே உள்ள 10 குறிப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை தா.
ஊர் | எண் | அலகு (எழுதியபடியே) | மூல வாக்கியம்
அலகை மாற்றாதே. கணக்குப் போடாதே.
தகவல் இல்லாவிட்டால் "இல்லை" என்று எழுது.
```

வந்ததும் வரிசைகளை எண்ணுங்கள். பத்துக்குப் பத்து இருந்தால், "மூல வாக்கியம்" பத்தியில் உள்ளதை அசல் குறிப்பில் தேடிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து அகப்படவில்லை என்றால் அந்த வரிசையை நம்பாதீர்கள். "இல்லை" என்று வந்த ஊருக்கு ஒரு போன் போடுங்கள்.

அடுத்து அலகு மாற்றம். இது எக்செல் வேலை, பிராம்ப்ட் வேலை அல்ல. மாக்கணக்கை மூன்றால் பெருக்குங்கள். மூட்டை எத்தனை கிலோ என்பதையும் கேட்டு எழுதுங்கள்: கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ, வீட்டில் பேசும் மூட்டை பெரும்பாலும் 60 கிலோ. இரண்டையும் கலந்தால் இன்னொரு "மழை" பெய்துவிடும். மாற்றியபின் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 20க்குக் கீழேயோ 45க்கு மேலேயோ வரும் ஊர்களைத் தனியாக எடுத்து அசலோடு ஒப்பிடுங்கள். இந்த ஒரு சல்லடை இருந்திருந்தால் உங்கள் 10 மூட்டை அன்றே மாட்டியிருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகே எழுதும் பிராம்ப்ட். அதிலும் காரணம் கேட்காதீர்கள். "குறிப்பில் காரணம் சொல்லப்பட்டிருந்தால் மட்டும் ஊர்ப் பெயருடன் எழுது" என்று சொல்லுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: எண்ணுங்கள்.

ஒவ்வொரு படிக்கும் புதிய சாட் திறக்க வேண்டுமா? (திருத்துறைப்பூண்டி)

திறப்பது நல்லது. பழைய சாட்டில் நீங்கள் திருத்தியதற்கு முந்திய தவறான அட்டவணையும் மேலே கிடக்கும். அதிலிருந்து எண்ணை எடுத்துவிடும். சரிபார்த்த அட்டவணையை மட்டும் புதிதாக ஒட்டுங்கள். அறிக்கையின் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கு வேண்டிய வரிசைகள் போதும்.

சங்கிலி முறையில் செய்தேன், சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்? (சீர்காழி)

எந்தப் படியில், என்ன கொடுத்து, என்ன வந்தது? எழுதி அனுப்புங்கள். ஜோசியம் எனக்குத் தெரியாது.

கடைசியில் "எல்லாம் சரியா?" என்று கேட்கிறேன். சரி என்கிறது. போதுமா? (தஞ்சாவூர்)

போதாது. அப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் வரும். புதிய சாட்டில் அட்டவணையையும் அறிக்கையையும் ஒட்டி, "அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பட்டியலிட்டு, அது அட்டவணையில் எந்த வரிசையில் இருக்கிறது என்று எழுது, இல்லாததற்கு 'காணோம்' என்று போடு" என்று கேளுங்கள். "காணோம்" வந்த இடங்களை நீங்கள் பாருங்கள். இதுவும் ஒன்றிரண்டைத் தவறவிடும். அதனால் மொத்தம், சராசரி, தலைப்பில் வரும் எண்கள் இவற்றையாவது பேனாவால் டிக் அடித்துவிட்டு அனுப்புங்கள்.