வயதை விடுங்கள், காலை அளந்து பாருங்கள்: சிறுவர் சைக்கிள் கேள்வி-பதில்

மகளுக்கு 7 வயது, உயரம் 117 செ.மீ. "7 வயசுன்னா 20 இன்ச்தான்" என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்கள். சீட்டை முழுக்க இறக்கியும் கால் விரல் நுனிதான் தரையில் படுகிறது. பயந்துபோய் இப்போது சைக்கிளைத் தொடவே மாட்டேன் என்கிறாள். 16 இன்ச்சுக்கு மாற்றிவிடலாமா? (மதுரை வாசகி)

மாற்றுவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்து இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள் அம்மா. 20 இன்ச் என்பது சக்கரத்தின் அளவு. சீட் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அந்த எண் சொல்லாது. ஒரே கடையில் நிற்கும் இரண்டு 20 இன்ச் சைக்கிள்களில் ஒன்றின் சீட் 54 செ.மீ. வரை இறங்கும், இன்னொன்று 60-க்குக் கீழே வராது. குழந்தைக்கு வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

முதலில் மகளின் காலை அளக்க வேண்டும். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, அதன் ஒரு ஓரம் சுவரில் படிந்திருக்க, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுந்துமோ அந்த அளவுக்கு மேலே தூக்குங்கள். நோட்டின் மேல் விளிம்பு சுவரில் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளதுதான் கால் அளவு. 117 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் 52 செ.மீ. பக்கத்தில் வரும். அடுத்து சைக்கிளை நேராக நிறுத்தி, சீட்டை முழுக்க இறக்கி, தரையிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அளங்கள்.

புதிதாகப் பழகும் பிள்ளைக்குச் சீட் உயரம் கால் அளவை ஒட்டியோ, ஓரிரு சென்டிமீட்டர் குறைவாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியும், பயம் போகும். நன்றாக ஓட்டப் பழகிய பிறகு அதே பிள்ளைக்குச் சீட்டை 5 செ.மீ. போல ஏற்றிவிடலாம். அப்போது பாதத்தின் முன்பகுதி பட்டால் போதும். ஆக உங்கள் மகளுக்கு இன்று தேவை சுமார் 51, சில மாதத்தில் 57.

உங்கள் சைக்கிளில் சீட்டின் அடிமட்ட உயரம் 58 என்று வைத்துக்கொள்வோம். 6, 7 செ.மீ. அதிகம். இதில் பாதிக்கு மேல் குறைக்க வழி இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 20 x 2.40 என்று இருந்தால் அது பார்வைக்காகப் போட்ட தடிமனான டயர். அதைக் கழற்றி 20 x 1.75 போட்டால் சைக்கிள் முழுவதுமே சுமார் ஒன்றரை செ.மீ. இறங்கும். டயரின் அகலம் குறைந்தால் அதன் உயரமும் ஏறக்குறைய அதே அளவு குறையும் என்பதால் இது. எடையும் கொஞ்சம் குறையும். ரிம் ரொம்ப அகலமாக இருந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்கள். அப்புறம் ஸ்பிரிங் வைத்த மெத்தை சீட் இருந்தால் அதை எடுத்துவிட்டு மெல்லிய சீட் போட்டால் இன்னும் 2, 3 செ.மீ. கிடைக்கும்.

மீதி இருப்பது 2, 3 செ.மீ. அதற்கு இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, காலால் உந்தி உந்தி ஓட்டட்டும். இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழன்று வரும். காலைத் தூக்கிக்கொண்டு பத்து, பதினைந்து அடி தானாக உருண்டு போக ஆரம்பித்ததும் பெடலைத் திரும்ப மாட்டுங்கள். இத்தனை செய்தும் விரல் நுனிதான் படுகிறது என்றால் யாரிடமாவது 16 இன்ச் வாங்கிப் பழக விடுங்கள். புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், இந்த உயரத்தில் அது ரொம்ப நாள் வராது.

பையனுக்கு 6 வயது. வருஷத்துக்கு ஒரு சைக்கிள் வாங்க முடியாது சார். நேரடியாக 24 இன்ச் வாங்கிவிட்டால் 5 வருஷம் ஓடாதா? (திருச்சி)

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்த வயதுப் பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். அதில் ஏறக்குறைய பாதி காலில். அதாவது கால் அளவு வருடத்துக்குச் சுமார் 3 செ.மீ. கூடும். உங்கள் பையனுக்கு இன்று 50 செ.மீ. இருந்தால் 5 வருடம் கழித்து 65. பெரும்பாலான 24 இன்ச் சைக்கிள்களில் சீட் 65-க்குக் கீழே இறங்காது. அப்படியானால் நாலாவது வருடம் வரை அது அவனுக்குப் பெரிய சைக்கிள்தான். அந்த 5 வருடத்தில் பெரும்பகுதி நின்று கிடக்குமே தவிர ஓடாது.

நாமெல்லாம் பெரியவர்கள் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தானே பழகினோம் என்று சிலர் கேட்பார்கள். அது வேகமில்லாத தெருவில் நடந்தது. இன்றைய போக்குவரத்தில் எனக்கு இருக்கும் கவலை பிரேக். பெரிய சைக்கிளின் பிரேக் லீவரைப் பிள்ளையின் விரல் எட்டிப் பிடிக்காது. எட்டினாலும் அழுத்தப் பலம் இருக்காது. அவசரத்தில் காலை ஊன்றலாம் என்றால் காலும் எட்டாது.

நியாயமான ஆசை வேறு ஒன்று இருக்கிறது: ஒரு சைக்கிள் மூன்று வருடம் வர வேண்டும். அதற்கு, சீட்டின் அடிமட்ட உயரம் இன்றைய கால் அளவை ஒட்டி இருக்கும் சைக்கிளாகவும், சீட் பைப் நீளமாகவும் உள்ளதாகப் பாருங்கள். சீட் 50-லிருந்து 64 வரை ஏறும் என்றால், முதல் 5 செ.மீ. ஓட்டப் பழகியதும் செலவாகிவிடும். மீதி 9 செ.மீ. வருடத்துக்கு 3 வீதம் மூன்று வருடம். குட்டையான சீட் பைப் போட்ட சைக்கிள் இதில் பாதிதான் வரும். கடையில் சீட்டை உருவி வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

மகனுக்கு 9 வயது, 20 இன்ச் ஓட்டுகிறான். பார்க்கவே சின்னதாக இருக்கிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டதா? (கோவை)

பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் சைக்கிள்களில் நிறைய, சீட்டை வாங்கிய நாளிலிருந்து ஏற்றாமல் விட்டவை. பையனைச் சீட்டில் உட்கார வைத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். முட்டி மடங்கியிருந்தால், கால் கிட்டத்தட்ட நேராகும் வரை சீட்டை ஏற்றுங்கள். சீட் பைப்பில் ஒரு கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் உள்ளே இருக்கும் பைப் போதாது, பள்ளத்தில் இறங்கும்போது வளையலாம், ஃபிரேமும் அந்த இடத்தில் விரிசல் விடலாம்.

கோடு வரை ஏற்றியும் குதிகால் சோதனையில் முட்டி மடங்கியே இருக்கிறது என்றால் நேரம் வந்துவிட்டது. இன்னொரு அடையாளம் முட்டி ஹேண்டில்பாரில் இடிப்பது. ஒரு பெடல் மேலே இருக்கும்போது அந்தப் பக்கமாக ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். இடித்தால் சீட்டில் மிச்சம் இருந்தாலும் மாற்றுவது நல்லது, வளைவில் திரும்பும்போது பிள்ளை கீழே விழுவது இதனால்தான்.

அடுத்த சைக்கிளையும் அதே டேப்பால் பாருங்கள். அவன் இப்போது நன்றாக ஓட்டுகிறவன், ஆகவே புதியதன் அடிமட்டச் சீட் உயரம் கால் அளவைவிட 5 செ.மீ. வரை கூடுதலாக இருக்கலாம். 60 செ.மீ. கால் என்றால் 65. சீட்டை விட்டு முன்னே இறங்கி நடுப் பாரின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரலாவது இடைவெளி வேண்டும். ஒன்று மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: கியர் இல்லாத சைக்கிளில், பல்சக்கரங்கள் அதே விகிதத்தில் இருந்தால், 20-லிருந்து 24-க்கு மாறும்போது ஒவ்வொரு மிதிக்கும் ஐந்தில் ஒரு பங்கு அதிக தூரம் போகும். மேட்டில் அந்த அளவுக்கு மிதிப்பது கனமாக இருக்கும். முதல் இரண்டு வாரம் அலுத்துக்கொண்டால் அதற்காகச் சைக்கிளைக் குறை சொல்ல வேண்டாம்.

24 இன்ச் டயர் கேட்டு வாங்கி வந்தேன். ரிம்மில் பிடித்து நிற்கவே மாட்டேன் என்கிறது. பழையது 24 x 1.75, புதியது 24 x 1 3/8. இரண்டும் 24 தானே? (நாகர்கோவில்)

பெயரில்தான் இரண்டும் 24. ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் முதலாவதுக்கு 507 மி.மீ., இரண்டாவதுக்கு 540. மூன்று செ.மீ.க்கு மேல் வித்தியாசம். உங்கள் புது டயர் ரிம்மைவிடப் பெரியது, எப்படி மாட்டினாலும் தொளதொளவென்று தொங்கும், காற்றடித்தால் டியூப் பிதுங்கி வெளியே வரும். கட்டாயப்படுத்தி மாட்டாதீர்கள்.

புள்ளி வைத்து எழுதிய அளவும் பின்னத்தில் எழுதிய அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கணக்கில் 1.75-ம் 1 3/4-ம் ஒன்றுதான், ஆனால் 20 x 1.75 டயர் உட்காருவது 406-ல், 20 x 1 3/4 உட்காருவது 419-ல். குழப்பமே வேண்டாம் என்றால் டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 47-507 என்பது போல் ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இருப்பது அகலம், பின்னால் இருப்பது ரிம் விட்டம். பின் எண் ஒன்றாக இருந்தால் டயர் ஏறும். முன் எண் கொஞ்சம் கூடலாம், குறையலாம். கூட்டினால் மட்டும் போர்க்கிலும் மட்கார்டிலும் உரசுகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

டயரில் 40 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. அந்த அளவுக்கு அடிக்க வேண்டுமா? (சேலம்)

பெரும்பாலான டயர்களில் அது மேல் வரம்பு. பக்கத்தில் குறைந்த அளவும் அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள். 22 கிலோ பிள்ளைக்கு 1.75 முதல் 2 இன்ச் அகல டயரில் 25 பிஎஸ்ஐ பக்கம் போதும். கல்லாக அடித்தால் சின்னச் சின்ன மேடுகளிலும் சக்கரம் துள்ளும், மணலும் ஈரமும் உள்ள இடத்தில் வழுக்கும். பிள்ளை ஏறி உட்காரும்போது டயரின் அடி லேசாகப் பிதுங்க வேண்டும், ரிம் தரையை நெருங்கக் கூடாது. பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரில் வைக்காதீர்கள். இந்தச் சின்ன டியூப் நிரம்ப ஓரிரு நொடி போதும், அதற்குள் வெடித்துவிடும். கைப்பம்பே நல்லது.

12 இன்ச் சைக்கிளில் டியூப் இல்லாத கெட்டி டயர் வருகிறதே, பஞ்சர் தொல்லை இல்லை. வாங்கலாமா? (சென்னை)

வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் ஓட்டும் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பரவாயில்லை. ஆனால் கெட்டி நுரை டயர் அதிர்வை உள்வாங்காது, ஈர டைல்ஸில் வழுக்கும், தேய்ந்தால் பெரும்பாலும் சக்கரத்தோடுதான் மாற்ற வேண்டியிருக்கும். கை பிரேக் பிடித்துத் தெருவில் ஓட்டும் வயது வந்ததும், அதாவது 16 இன்ச்சிலிருந்து, காற்றடிக்கும் டயர்தான் வாங்க வேண்டும்.