கல்யாண மாலையும் பதினெட்டாம் பெருக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வைகாசியில் எனக்குத் திருமணமாயிற்று. கணவரின் ஊர் திருவையாற்றுக்கு அருகில். ஆடி பிறந்ததும் சீர் கொண்டுவந்து என்னை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பதினெட்டாம் பெருக்கன்று மட்டும் இருவரும் சேர்ந்து ஆற்றுக்கு வர வேண்டும், கல்யாண மாலையை மறக்காமல் எடுத்துவர வேண்டும் என்கிறார் மாமியார். மாதம் முழுவதும் பிரித்து வைப்பவர்கள் அன்று மட்டும் ஏன் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்? காய்ந்த மாலையை ஆற்றில் விடுவது குப்பை போடுவதுதானே? நான் நகரத்தில் வளர்ந்தவள். கரையில் என்ன செய்வார்கள் என்பதும் தெரியாது.

வாசகி, ஓசூர்

அன்புள்ள வாசகிக்கு,

புதுமணத் தம்பதியரை ஆடியில் பிரித்து வைப்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒரு கணக்கு. ஆடியில் கருத்தரித்தால் ஏறத்தாழ 266 நாள் கழித்து, பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ பிரசவமாகும். கத்தரி வெயிலும் அம்மை நோயும் சேர்ந்து வரும் அந்த நாட்களில், காற்றோட்டமில்லாத அறையில் தாயும் பிள்ளையும் படும் பாட்டை நினைத்து முன்னோர்கள் இப்படி வைத்தார்கள் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அது மட்டுமே காரணமென்றால், ஐந்து வருடம் குடித்தனம் நடத்தியவர்களையும் ஆண்டுதோறும் அல்லவா பிரிக்க வேண்டும்? தலை ஆடிக்கு மட்டும்தான் பெண்ணை அழைக்கிறார்கள். புகுந்த வீட்டில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்ட பெண்ணைப் பிறந்த வீடு உரிமையோடு திரும்ப அழைத்து ஒரு மாதம் வைத்துக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது, அதற்கு ஆடி வாகாக அமைந்தது என்பதே என் எண்ணம். மருமகனுக்கு விருந்து வைத்து, தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்த ஆடிப்பாலை வெள்ளி டம்ளரில் கொடுத்து, டம்ளரையும் அவரிடமே விட்டுவிடுவது இந்த அழைப்பின் மரியாதை. அந்த டம்ளரின் எடையை முன்கூட்டியே பேசி முடிக்கும் வீடுகளும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

விலக்கு படுக்கைக்குத்தானே தவிர முகம் பார்ப்பதற்கு இல்லை. பதினெட்டாம் பெருக்கன்று இருவரும் வேண்டும் என்பதற்குக் காரணம் அந்த மாலைதான். மணவறையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஆகவே அதைத் தண்ணீரில் விடுவதும் இரண்டு பேர் கையால் நடக்க வேண்டும். திருமணத்தன்று சூடிய பூ வாடிவிட்டது என்பதற்காக அதைக் கண்ட இடத்தில் போடுவதில்லை, கால்படும் இடத்திலும் வைப்பதில்லை. துணியில் சுற்றி வைத்திருந்து, புதுத்தண்ணீர் வந்ததும் அதனிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

நம் பண்டிகைகளில் பெரும்பாலானவை நட்சத்திரத்தையோ திதியையோ பார்த்து வருகின்றன. ஆடிப்பெருக்கு அப்படியல்ல, பொங்கலைப் போல அது சூரிய மாதத்தின் தேதியைப் பிடித்துக்கொண்டு வருவது, ஆகவே ஆகஸ்ட் 2 அல்லது 3 என்பதைத் தாண்டாது. தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் வலுத்து, அந்த வெள்ளம் சமவெளிக்கு இறங்கிவரும் காலம் அது. நிலவைப் பார்த்து நாள் குறித்திருந்தால் ஆண்டுக்கு ஆண்டு முன்னும் பின்னும் நகர்ந்து, ஒரு வருடம் தண்ணீருக்கு முன்பே பண்டிகை வந்து நின்றிருக்கும்.

அப்படி வரும் காவிரியை எங்கள் பக்கத்துப் பெண்கள் மசக்கைக்காரியாகப் பார்க்கிறார்கள். கரையில் படைக்கும் பொருள்களைக் கவனித்தாலே இது விளங்கிவிடும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று விதவிதமாகக் கலந்த சோறு. விளாம்பழம், நாவற்பழம், பேரிக்காய் போன்ற புளிப்பும் துவர்ப்பும். வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல் இருப்பவளுக்கு எது இறங்குமோ என்று பார்த்துப் பார்த்துச் செய்த தட்டு அது. கூடவே காதோலை கருகமணி வைப்பார்கள். காதோலை என்பது பனையோலைச் சுருள், கருகமணி என்பது விரல் நுழையுமளவுக்குச் சிறிய கறுப்பு வளையல். ஆடி பிறந்ததும் பூக்கடைகளில் இரண்டையும் சேர்த்துக் கட்டி விற்பார்கள். ஸ்ரீரங்கத்தில் ஆடி மாதத்தில் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள, பட்டுப்புடவையும் மஞ்சளும் குங்குமமும் வெற்றிலை பாக்குமாகக் காவிரிக்குச் சீர் போகிறது. பிறந்த வீட்டுச் சீரோடு வந்திருக்கும் நீங்கள், அன்று ஆற்றுக்குச் சீர் கொண்டுபோகிறீர்கள். உங்கள் மாமியார் உங்களை அழைப்பதன் பொருளை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கரையில் நடப்பது எளிமையானது. குளித்து முடித்து, படித்துறையில் ஓரிடத்தைக் கழுவிக் கோலம் போட்டு, மஞ்சளைப் பிசைந்து பிள்ளையார் பிடித்து வைப்பார்கள். வாழையிலையில் சோறும் பழங்களும் காப்பரிசியும் பரப்பி, விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுவார்கள். காப்பரிசியை உங்களையே செய்யச் சொல்லக்கூடும். ஓர் ஆழாக்குப் பச்சரிசியை அரைமணி நேரம் ஊறவைத்து வடித்துத் துணியில் உலர்த்தி, பொடித்த வெல்லம் அரை ஆழாக்கும் கொஞ்சம் எள்ளும் பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்தால் ஆயிற்று. வீட்டிலேயே வெல்லத்தைக் கலந்து எடுத்துப்போனால் ஆற்றங்கரைக்குப் போவதற்குள் அது நீர்விட்டுக் கூழாகிவிடும். தனியாகக் கொண்டுபோய்க் கரையில் கலந்துகொள்ளுங்கள்.

படைத்த பிறகு வயதில் மூத்த சுமங்கலி ஒருவர் இளையவர்களுக்கு மஞ்சள் சரடு கட்டுவார், ஆண்களுக்கு மணிக்கட்டில். பல குடும்பங்களில் புதுப்பெண்ணின் தாலிக் கயிற்றையும் அன்றுதான் மாற்றுகிறார்கள். அப்போது புதுச்சரடு கழுத்தில் ஏறி முடிச்சு விழுந்த பிறகுதான் பழையது இறங்கும். கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இருக்கலாகாது என்பதற்காக இந்த வரிசை. குண்டு, நாணல் முதலிய உருக்களைப் பழைய கயிற்றிலிருந்து கழற்றிப் புதியதில் கோக்க வேண்டியிருந்தால், அதை ஆற்றங்கரை நெரிசலில் வைத்துக்கொள்ளாமல் வீட்டில் உட்கார்ந்து செய்வது நல்லது. என் சித்தி படித்துறையில் கோக்கப்போய், ஒரு தங்கக் குண்டு உருண்டு தண்ணீருக்குள் போனது. காவிரி கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று சொல்லிச் சமாதானமானார்கள். சித்தப்பா மட்டும் அடுத்த ஆடி வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் குப்பைக் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. இந்த வழக்கம் உருவான நாளில் மாலை என்பது வாழைநாரில் கட்டிய பூ மட்டுமே. தண்ணீரில் விட்டால் பூ மீனுக்கும் நார் மண்ணுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இன்றைய கல்யாண மாலையில் பூவைவிட மற்றவை அதிகம். நைலான் நூல், ஜிகினாச் சரிகை, பிளாஸ்டிக் மணி, தெர்மாகோல் உருண்டை, கீழே தொங்கும் குஞ்சத்துக்குள் கம்பி. பெருக்கு முடிந்த மறுநாள் எங்கள் படித்துறையில் கால் வைத்தால் விரலிடுக்கில் நூல் சிக்கும். பூ கரைந்துபோய் நூல் மட்டும் வலைபோல் படியைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஆகவே உங்கள் மாலையை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். நூலில் ஒரு விரல்நீளம் வெட்டி, நுனியில் நெருப்பு வையுங்கள். நாரும் பருத்தியும் எரிந்து, விரலால் தேய்த்தால் உதிரும் சாம்பலாகும். நைலான் சுருங்கி உருகி, ஆறியதும் கடுகு போலக் கெட்டியான மணியாக நிற்கும். அப்படி நின்றால், மாலையைப் பிரித்துக் காய்ந்த இதழ்களை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். இருவரும் சேர்ந்து கைநிறைய அள்ளி விடுவதற்கு அது போதும். முழு மாலையாகத்தான் விட வேண்டும் என்று யாராவது சொன்னால், மாலை மாற்றும்போது நீங்கள் மாற்றிக்கொண்டது பூவைத்தான், நைலானை அல்ல என்று சொல்லலாம். மாமியாரிடம் இதைச் சற்று மென்மையாகச் சொல்லுங்கள்.

தண்ணீர் இருக்குமா என்பது மேட்டூரைப் பொறுத்தது. அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும். 2024இல் ஜூலை 28 அன்று மேட்டூரில் திறந்தார்கள், 31 அன்று கல்லணையில் திறந்தார்கள், ஆகஸ்ட் 3 அன்று பெருக்கு. அந்த ஆண்டு ஜூலை 30 அன்று அணையின் நீர்மட்டம் முழு அளவான 120 அடியை எட்டி, உபரி நீர் பெருமளவில் திறந்துவிடப்பட்டது. அப்படிப்பட்ட ஆண்டில் அழகைவிட ஆபத்துதான் கூடுதல். தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும். கரையில் உட்கார்ந்ததும், நீர் தொடும் படி எது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கால்மணி நேரத்தில் அந்தப் படி மறைந்துவிட்டால் இலையைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். நீருக்குள் இருக்கும் படிகளில் பாசி படிந்திருக்கும்; பட்டுப்புடவையோடு இரண்டாம் படிக்குக் கீழே இறங்காதீர்கள். மாலையை விடுவதற்கு முழங்கால் நீர்கூடத் தேவையில்லை.

தண்ணீரே வராத ஆண்டுகளும் உண்டு. என் தங்கைக்குத் தலை ஆடி அப்படியொரு ஆண்டில் வந்தது. ஆறு முழுக்க மணல், நடுவில் நாணல். குழாயடியில் செய்துவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய்த் தோண்டச் சொன்னார். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது, இடுப்பளவில் ஊறத் தொடங்கியது. கலங்கல் அடங்கும் வரை காத்திருந்து, அந்த ஊற்றின் ஓரத்திலேயே கோலம் போட்டுப் படைத்தோம். தங்கையும் மாப்பிள்ளையும் குனிந்து மாலையின் இதழ்களை அதில் விட்டார்கள். ஓடாத தண்ணீராகையால் அவை எங்கும் போகாமல் அங்கேயே வட்டமாக மிதந்தன. அம்மா ஒரு சொம்பு மொண்டு எல்லோர் தலையிலும் தெளித்துவிட்டு, மணலைத் தள்ளி ஊற்றை மூடினார்.

உங்கள் மாலையை முதல் நாள் இரவே பிரித்து வைத்துவிடுங்கள். காலையில் கரையில் உட்கார இடம் கிடைப்பதே அரிது.