வர்க்கி நமத்துப்போகாமல் பொட்டலம் போடுவது எப்படி? மலைக் கடைக்காரர்களின் கேள்விகள்

மலையில் உணவு விற்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: பாலிதீனுக்குப் பதில் என்ன? ஒவ்வொரு கடையிலும் பாலிதீன் வெவ்வேறு வேலை செய்கிறது. ஓரிடத்தில் ஈரத்தைத் தடுக்கிறது, ஓரிடத்தில் எண்ணெயைத் தாங்குகிறது, சில இடங்களில் வெறும் கைப்பிடி மட்டும்தான். உங்கள் சரக்குக்கு அதில் எது தேவை என்று தெரிந்தால் பதிலும் எளிதாகிவிடும். இந்த முறை ஈரம் பற்றிய கேள்விகள் அதிகம் என்பதால் அதற்கே கூடுதல் இடம்.

குன்னூரில் வர்க்கி போடுகிறோம். பிரவுன் பேப்பர் பைக்கு மாறினோம். மழைக்காலத்தில் மறுநாளே நமத்துப்போகிறது என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பேப்பரின் தடிமனைக் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. எவ்வளவு தடிமனான பேப்பராக இருந்தாலும் காற்றில் உள்ள ஈரம் அதன் வழியாகப் போகும், வரும். பட்டர் பேப்பர் எண்ணெயைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலர் பட்டர் பேப்பருக்கு மாறிவிட்டு, அப்புறமும் நமத்துப்போகிறதே என்று குழம்புகிறார்கள்.

உங்கள் வர்க்கி பைக்குள் போகும் முன்பே பாதி நமத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை முதலில் பாருங்கள். அடுப்பிலிருந்து எடுத்த வர்க்கியைச் சூட்டோடு மூடினால் அதன் ஆவியே அதை நமக்க வைக்கும். சரி, நன்றாக ஆறட்டும் என்று மஞ்சு இறங்கும் நேரத்தில் ஜன்னலோரத் தட்டில் விட்டுவைத்தால் வெளியீரத்தைக் குடிக்கும். கையில் எடுத்தால் சூடு தெரியக் கூடாது, அந்த நிலை வந்த உடனே டின்னுக்குள் போய்விட வேண்டும். ஆற வைக்கும் இடம் அடுப்புக்குப் பக்கத்துச் சுவராக இருக்கட்டும். அங்கே காற்று உலர்ந்திருக்கும்.

அடுத்தது டின். கடையில் உள்ள தகர டின்னின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, செல்போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே ஈரமும் நுழைகிறது. மூடியின் உள்விளிம்பில் துணி நாடா ஒட்டினாலே பெரும்பாலான டின்கள் சரியாகிவிடும். ஒரே பெரிய டின்னை நாள் முழுக்கத் திறந்து மூடுவதைவிட, இருப்புக்கு ஒன்று, விற்பனைக்குச் சின்னதாக ஒன்று என்று பிரித்து வைப்பது நல்லது.

இப்போது பொட்டலம். எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகிக்க வேண்டாம், தராசு சொல்லிவிடும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். முதலில் 200 கிராம் வர்க்கியைத் திறந்த தட்டில் வையுங்கள். மணிக்கொரு முறை எடை போட்டு, அதிலிருந்து ஒரு துணுக்கைக் கடித்துப் பார்க்காமல், பக்கத்தில் அதேபோல் தனியாக வைத்த வர்க்கியில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுப்பு போன நேரத்தில் தட்டின் எடை 206 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 6 கிராம் ஈரம்தான் உங்கள் வர்க்கியின் எல்லை.

அப்புறம் புதிதாக 200 கிராம் எடுத்து, நீங்கள் விற்கும் அதே பையில் கட்டி, கடையிலேயே வையுங்கள். கூடவே அதே அளவுள்ள காலிப் பை ஒன்றையும் வையுங்கள். பேப்பரும் ஈரம் குடித்து எடை கூடும் என்பதால், காலிப் பையில் ஏறிய எடையைக் கழித்தால்தான் வர்க்கி குடித்தது எவ்வளவு என்று தெரியும். பலர் இதைக் கழிக்காமல் பொட்டலத்தைக் குறை சொல்லிவிடுவார்கள். கழித்த பிறகு ஒரு நாளைக்கு 2 கிராம் ஏறுகிறது என்றால், அந்தப் பை சுமார் மூன்று நாள் தாங்கும். 5 கிராம் ஏறினால் ஒரு நாள்தான். இதே சோதனையைப் பிப்ரவரியில் ஒரு முறையும் மழையில் ஒரு முறையும் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக வரவே வராது.

எண் கையில் இருந்தால் முடிவு சுலபம். அன்றோ மறுநாளோ தின்னப்போகிற உள்ளூர்க்காரருக்குப் பட்டர் பேப்பர் உள்ளே, பிரவுன் பேப்பர் வெளியே, அவ்வளவு போதும். டப்பா கொண்டுவருபவருக்கு அதிலேயே போட்டுக் கொடுங்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகிறவருக்குத்தான் உண்மையான தடுப்பு தேவை. அதற்கு அலுமினியத் தாள் அல்லது தகர டின். தாளில் சுற்றும்போது இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து இரண்டு மூன்று முறை கீழ்நோக்கி மடித்து அழுத்துங்கள், பக்கங்களையும் அப்படியே. வெறுமனே முறுக்கிவிட்டால் முறுக்கின் நடுவில் காற்று போகும். சமையலறைத் தாள் மெல்லியது, வர்க்கியின் முனை குத்திக் கிழித்துவிடும். அதனால் உள்ளே ஒரு பட்டர் பேப்பர் சுற்றும், வெளியே அட்டைப் பெட்டியும் வேண்டும். செலவு கூடும்தான். அதை ஊருக்குக் கொண்டுபோகும் பொட்டலத்தின் விலையில் மட்டும் சேருங்கள், எல்லோர் தலையிலும் ஏற்றாதீர்கள்.

பேப்பர் பையில் ‘இரண்டு நாளில் சாப்பிடவும், வீட்டில் டின்னில் வைக்கவும்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்துவிடுங்கள். ஸ்டாம்ப் வெளிப்பக்கம் மட்டும். அச்சுப்பட்ட பக்கம் உணவைத் தொடக் கூடாது.

கொடைக்கானலில் வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறேன். கண்ணாடி போல் தெரியும் தாளில் கட்டுகிறேன். அது பிளாஸ்டிக் இல்லை, செல்லோபேன் என்றுதான் கடைக்காரர் சொன்னார். நம்பலாமா?

சோதித்துவிட்டு நம்புங்கள். உண்மையான செல்லோபேன் மரக்கூழிலிருந்து வருவது. கடையில் அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பாலிபுரொப்பிலின் தாள். வெட்டவெளியில் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். செல்லோபேன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருங்கி, உருகி, சொட்டும், மெழுகுவர்த்தி வாடை வரும். ஆனால் செல்லோபேன் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தும் விற்கிறார்கள். அதை இந்தச் சோதனை சரியாகக் காட்டிக்கொடுக்காது.

என்னைக் கேட்டால் சாக்லேட்டுக்கு அலுமினியத் தாளும் மேலே ஒரு காகிதப் பட்டையும்தான். சாக்லேட்டுக்கு ஈரத்தைவிட வாசனை பெரிய எதிரி. நம் மலைக் கடைகளில் ஒரே அலமாரியில் தைலம், மசாலா, சாக்லேட் எல்லாம் வரிசையாக நிற்கும். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். காகிதம் மட்டும் சுற்றினால் சில வாரத்தில் யூகலிப்டஸ் சாக்லேட் தயார். அலுமினியத் தாள் வாசனையை உள்ளே விடாது. ஆனாலும் தைலத்தை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள், அதற்குச் செலவே இல்லை.

தாள் வாங்கும்போது கசக்கிப் பாருங்கள். வெறும் அலுமினியம் கசக்கியபடியே கிடக்கும். பிளாஸ்டிக் ஒட்டியது என்றால் மெதுவாக விரிந்துகொள்ளும். அந்த வகையை மறுசுழற்சிக்கு எடுக்க ஆள் கிடைப்பது அரிது.

சாக்லேட்டில் வெள்ளை படிகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். விரலால் தேய்த்தால் உருகி மறைந்தால் அது கொழுப்பு. சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டது அல்லது சாக்லேட்டைச் சரியான சூட்டில் பதப்படுத்தாதது காரணம், பொட்டலத்தின் குற்றம் இல்லை. சொரசொரப்பாக நின்றால் அது சர்க்கரை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரித்ததால் மேலே நீர் பூத்துக் காய்ந்திருக்கிறது. வெளியே எடுத்த பிறகு, பொட்டலத்தைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வர விடுங்கள்.

ஊட்டியில் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போடுகிறேன். பழைய பேப்பரில் கொடுக்கலாம்தானே, அது பிளாஸ்டிக் இல்லையே?

கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் போடுவதை உணவுப் பாதுகாப்பு விதிகளே தடுக்கின்றன. சூடான எண்ணெய் அச்சு மையைக் கரைத்து பஜ்ஜியில் ஏற்றிவிடும். அன்றே நின்று தின்னும் பண்டத்துக்கு ஈரத்தடுப்பு எதுவும் தேவையில்லை. மந்தாரை இலையோ தைத்த இலைத் தொன்னையோ போதும். வாழை இலையை அடுப்புக்கு மேல் ஒரு முறை வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. இலை கிடைக்காத நாளுக்கு அச்சடிக்காத பிரவுன் பேப்பர் கூம்பு.

டீக்கு நீங்கள் வைத்திருக்கும் பேப்பர் கப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பளபளவென்று இருந்தால் அது பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. கண்ணாடி டம்ளரும் வெந்நீரும்தான் வழி.

துணிப்பை என்று சொல்லி மொத்தமாக வாங்கினேன். சோதனைக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏன்? (கோத்தகிரி)

நீங்கள் வாங்கியது நெய்யாத பையாக இருக்கும். தொட்டால் துணி மாதிரி, ஆனால் பாலிபுரொப்பிலின். அதுவும் அதே பட்டியலில் உண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: உண்மைத் துணியில் குறுக்கும் நெடுக்குமாக இழை தெரியும். இதில் இழை இருக்காது, புள்ளிபுள்ளியாக அழுத்திய தடம் இருக்கும்.

மக்கும் பிளாஸ்டிக் கவர் வாங்கி, கடைக்குப் பின்னால் குழியில் போட்டேன். மாதங்கள் ஆகியும் அப்படியே கிடக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றியிருக்கலாம், ஏமாற்றாமலும் இருக்கலாம். உண்மையிலேயே மக்கும் வகையாக இருந்தாலும், அதைச் சோதிப்பது 58 டிகிரி வரை சூடேறும் பெரிய உரக்கூடத்தின் நிலைமையில்தான். உதகையின் குளிரில் சின்னக் குழி அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. அந்தக் கவரைச் சேகரித்து அப்படியொரு கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு உங்கள் பகுதியில் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்குப் பேப்பர் பையே மேல். சோளத்திலிருந்து செய்யும் கப்பும் இதே ரகம்தான், போதாக்குறைக்குக் கொதிக்கும் டீ ஊற்றினால் நெளிந்துவிடும்.

பாக்குமட்டைத் தட்டு மூட்டையாக வாங்கி வைத்தோம். மழையில் எல்லாம் பூஞ்சணம். துடைத்துப் பயன்படுத்தலாமா? (பெரும்பள்ளம்)

வேண்டாம். மேலே துடைத்தாலும் நாருக்குள் வேர் இருக்கும், வாடையும் போகாது. உரக்குழிக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி வாங்கும்போது மூட்டையின் நடுவிலிருந்து ஒன்றை உருவி வளைத்துப் பாருங்கள். காய்ந்த தட்டு விறைப்பாக நிற்கும். சில்லென்று, துவண்டு இருந்தால் ஈரத்தோடு கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது எங்கே வைத்தாலும் பூக்கும். கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை வலுக்கும் என்பதால், செப்டம்பருக்குள் வாங்கி, அடுப்புச் சுவரை ஒட்டிய பலகையில், தரையையும் வெளிச்சுவரையும் தொடாமல் அடுக்குங்கள். அந்த இரண்டு மாதத்துக்குப் பெரிய இருப்பு வைக்காமல் வாரத்துக்கு வாரம் வாங்குவது இன்னும் நல்லது. தட்டு ஒன்றுக்குச் சில காசு கூடினாலும் மூட்டையோடு கொட்டுவதைவிடக் குறைவுதான்.