சும்மா கிடக்கும் சேமிப்புக் கணக்கை மூடக் கடிதம்: கவுண்டருக்குப் பின்னால் எதைப் பார்ப்பார்கள்?

கேள்வி: பழைய கம்பெனியில் சம்பளத்துக்காகத் திறந்த சேமிப்புக் கணக்கு. வேலை மாறி மூன்று வருஷமாகத் தொடவே இல்லை. நாலாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. கணக்கை மூடி, மீதியை என் இன்னொரு வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் எப்படி எழுதுவது?

பதில்:

வங்கிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாதிரிக் கடிதங்களை வாங்கிப் பைல் செய்த கை இது. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். "என் பொருளாதாரச் சூழ்நிலை காரணமாக" என்று தொடங்கும் விளக்கமெல்லாம் யாரும் படிப்பதில்லை. இப்படி எழுதினால் போதும்:

அனுப்புநர்: (பெயர், இப்போதைய முகவரி, கைப்பேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)

பொருள்: சேமிப்புக் கணக்கு எண் ________ முடித்தல், மீதித் தொகையை வேறு வங்கிக்கு அனுப்பக் கோருதல்

ஐயா / அம்மா,

மேற்கண்ட கணக்கு தங்கள் கிளையில் என் பெயரில் உள்ளது. இதை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. கணக்கு செயல்படாத நிலையில் இருந்தால், இணைத்துள்ள கே.ஒய்.சி ஆவணங்களைக் கொண்டு செயல்பாட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்கும் நாள் வரையிலான வட்டியையும் சேர்த்து, கணக்கில் உள்ள முழுத் தொகையையும் நெஃப்ட் மூலம் என் பெயரிலேயே உள்ள கீழ்க்கண்ட கணக்குக்கு அனுப்பவும்.

பெயர்: ________
வங்கி, கிளை: ________
கணக்கு எண்: ________
ஐ.எஃப்.எஸ்.சி: ________

பயன்படுத்தாத காசோலைகள் (எண் ____ முதல் ____ வரை), நறுக்கிய டெபிட் கார்டு, பாஸ்புக் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கடைசிப் பதிவைப் போட்டு பாஸ்புக்கைத் திருப்பித் தரவும். கணக்கு முடிந்ததற்கான கடிதமும், பணம் அனுப்பியதற்கான யு.டி.ஆர் எண்ணும் தேவை.

இப்படிக்கு,
(கையொப்பம், நாள்)

இனி, இதில் ஏன் அப்படி எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன்.

"முழுத் தொகையையும்" என்று எழுதுங்கள், ரூபாய்க் கணக்குப் போடாதீர்கள். உங்கள் பாஸ்புக்கில் 4,318 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேமிப்புக் கணக்கு வட்டி தினசரி இருப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. ஆனால் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரவு வைப்பார்கள். கடைசியாக வட்டி விழுந்து 40 நாள் ஆகியிருந்தால், ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்ற கணக்கில் சுமார் 12 ரூபாய் இன்னும் பாஸ்புக்கில் ஏறாமல் நிற்கும். நீங்கள் "4,318 ரூபாயை அனுப்பவும்" என்று எழுத, கிளர்க் அதையே அப்படியே அனுப்பிவிட்டால், அந்தப் பன்னிரண்டு ரூபாயோடு கணக்கு திறந்தே கிடக்கும். இருப்பு பூஜ்யமாகாமல் கணினி கணக்கை மூட விடாது.

இதே காரணத்தால், "நானே ஜிபே போட்டுக் காலி பண்ணிட்டேன், அதோட முடிஞ்சது" என்று நினைப்பதும் சரியில்லை. காலியான கணக்கு வேறு, மூடிய கணக்கு வேறு. சம்பளம் வருவது நின்றுவிட்டால், அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றப்பட்டு, அந்த வங்கியில் குறைந்தபட்ச இருப்பு விதி இருந்தால் அதுவும் பொருந்தத் தொடங்கும். இருப்பு குறைந்ததற்கான கட்டணம் ஒன்றுக்காக இருப்பை மைனஸுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் இருக்கிற பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதை அது தடுக்காது. மூடப் போகும் முன் கடந்த மூன்று வருஷ ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை பாருங்கள். கணக்கு மூடியபின் நெட் பேங்கிங்கில் நுழைய முடியாது என்பதால், அதை டவுன்லோடு செய்து வைப்பதும் நல்லது.

அடுத்தது, கடிதத்தின் முதல் பத்தியில் உள்ள "செயல்படாத நிலை". இரண்டு வருஷத்துக்கு மேல் நீங்களாக எதுவும் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் கணக்கு அந்த வகைக்குப் போய்விடும். வங்கி தானாக வரவு வைக்கும் வட்டி இதில் சேராது. மூன்று வருஷம் என்கிறீர்கள், எனவே உங்களுடையது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை முதலில் உயிர்ப்பித்தால்தான் மூட முடியும். ஆதார், பான் நகல்களோடு அசலையும் கொண்டுபோங்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் போடக் கூடாது. சேமிப்பு வட்டியும் தொடர்ந்து வரவேண்டும். அப்படியும் ஏதாவது பிடித்திருந்தால், அதைத் திருப்பிக் கேட்டு இதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கையெழுத்து விஷயத்தில்தான் கடிதம் அதிகமாகத் திரும்பி வரும். வேலையில் சேர்ந்த புதிதில் போட்ட கையெழுத்து ஸ்கேன் ஆகித் திரையில் இருக்கும், நாங்கள் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம். இப்போது உங்கள் கையெழுத்து மாறியிருந்தால், கடிதத்தோடு நேரில் போய்ப் புதுக் கையெழுத்தைப் பதிவு செய்யக் கேளுங்கள். கூட்டுக் கணக்காக இருந்தால், பணம் எடுக்க ஒருவர் போதும் என்று இருந்தாலும், மூடுவதற்கு எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பணம் போய்ச் சேரும் கணக்கின் விவரத்தை நிதானமாக எழுதுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி மொத்தம் 11 எழுத்து. முதல் நாலு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறு கிளையைக் குறிக்கும். கையால் எழுதும்போது அந்த ஐந்தாவது இடத்தில் ஆங்கில எழுத்து ஓ போல வட்டமாகப் போட்டுவிடுவார்கள். இன்னொன்று, 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. அப்படி இணைந்த வங்கியில் உங்கள் பெறும் கணக்கு இருந்தால், பழைய பாஸ்புக்கில் அச்சான ஐ.எஃப்.எஸ்.சி வேலைக்கு ஆகாது. ரத்து செய்த புது காசோலை ஒன்றை இணைத்துவிட்டால் சந்தேகமே வராது.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், பணம் சேராமல் திரும்பி வந்தால் போய் உட்கார உங்கள் பழைய கணக்கு அங்கே இருக்காது. அந்தப் பணம் கிளையின் உள்கணக்கு ஒன்றில் போய் நிற்கும். யாராவது கேட்கும்வரை அதைத் தொட மாட்டார்கள். பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணான யு.டி.ஆரைக் கடிதத்திலேயே கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அது கையில் இருந்தால் எந்தப் பக்கம் நின்றிருக்கிறது என்று இரு வங்கியிலும் தேடச் சொல்லலாம். மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ அனுப்பச் சொல்லாதீர்கள், பெரும்பாலும் மறுப்பார்கள்.

மூடும் கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டாம். கணக்குத் தொடங்கி ஒரு வருஷம் தாண்டியிருந்தால் பல வங்கிகள் வாங்குவதில்லை. உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சமையல் எரிவாயு மானியம், வருமானவரி ரீஃபண்ட், பி.எஃப் எதற்காவது இந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்திருந்தால் அவற்றை முதலில் மாற்றிவிடுங்கள்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வெளியூரில் இருந்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம், ஆனால் செயல்படாத கணக்குக்கு நேரில் வரச் சொல்ல வாய்ப்பு அதிகம். ஒன்றும் நடக்கவில்லை என்றால், முத்திரை வாங்கிய பிரதியை இணைத்து வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் பதிவு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.