டெபீசியம் ஏன் வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள்?

வணக்கம்.

எங்கள் ஆர்டர் சேவை, ஆர்டரைப் போஸ்ட்கிரெஸில் பதிவு செய்ததும் காஃப்காவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். எப்படி அனுப்புவது என்று ஸ்லைடு போட்டுப் பேசி முடிவெடுத்தோம்: ஆர்டரோடு ஒரே டிரான்ஸாக்ஷனில் செய்தியையும் எழுதி வைக்க ஒரு அவுட்பாக்ஸ் டேபிள், அதை அடிக்கடி படித்து அனுப்ப ஒரு போலிங் வேலை. அதை டிசைன் டாக்குமென்டாக எழுதும் பொறுப்பு இப்போது என் தலையில். ஒவ்வொரு ஸ்லைடையும் வாக்கியங்களாக விரித்தேன். பத்துப் பக்கம் வந்தது. டீமில் புதிதாகச் சேர்ந்தவர் முழுக்கப் படித்துவிட்டு, "டெபீசியம் ஏன் வைக்கவில்லை?" என்று கேட்டார். ஒப்பீட்டு ஸ்லைடில் அதற்கு நேராக "இயக்குவது சிக்கல்" என்று மட்டும்தான் இருக்கிறது. வேண்டாம் என்று விட்டவற்றைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும்? ஸ்லைடுகளையே பின்னிணைப்பாக வைத்துவிட்டால் போதாதா?

ச.

அன்புள்ள ச.,

அந்தப் புதியவர் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். முதல் ஸ்லைடிலிருந்து வரிசையாக விரித்ததுதான் உங்களைப் பத்துப் பக்கத்துக்கு இழுத்துப் போயிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நின்று பேசுவார் என்ற நம்பிக்கையில்தான் ஸ்லைடு செய்கிறோம். "இயக்குவது சிக்கல்" என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும், மீட்டிங்கில் இருந்தவர்களுக்கு அன்றைய விவாதம் முழுவதும் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு இரண்டு சொற்கள்தான். அவற்றை நீங்கள் எவ்வளவு அழகான வாக்கியமாக்கினாலும் அந்த விவாதம் திரும்பி வராது. அதைத் தனியாகத்தான் மீட்டெடுக்க வேண்டும்.

ஒப்பீட்டு ஸ்லைடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, "என்ன நடக்கும், எப்போது நடக்கும், நடந்தால் யாருக்கு முதலில் தெரியும்?" என்று கேளுங்கள். டெபீசியம் கட்டத்தையே செய்து பார்ப்போம்.

டெபீசியம், போஸ்ட்கிரெஸின் மாற்றப் பதிவான WAL என்ற வால் கோப்புகளை ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் வழியாகப் படித்து, மாற்றங்களைக் காஃப்காவுக்கு அனுப்புகிறது. படிப்பவர் "இதுவரை வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லும்வரை போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்புகளை அழிக்காது. காஃப்கா கனெக்ட் மேல் ஓடும் டெபீசியம் கனெக்டர் வெள்ளி இரவு நின்றுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வால் கோப்புகள் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிரம்பினால் டேட்டாபேஸே நின்றுவிடும். அதாவது, செய்தி அனுப்பும் துணை வேலை பழுதானதால் ஆர்டர் வாங்குவதே நின்றுபோகிறது. `max_slot_wal_keep_size` என்ற அமைப்பு போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து இருக்கிறது, அதைக் கொண்டு இதற்கு ஒரு வரம்பு போடலாம். ஆனால் அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. வரம்பு போட்டு அது தாண்டப்பட்டால் டிஸ்க் தப்பிக்கும், ஸ்லாட் செல்லாததாகிவிடும். இடையில் விட்டுப்போனதை வேறு வழியில் மீட்க வேண்டும்.

இங்கே ஒரு கூர்மையான வாசகர் கேட்பார்: "போலிங் வேலை நின்றால் அவுட்பாக்ஸ் டேபிளும் அதே டிஸ்க்கில்தானே வளரும்?" சரியான கேள்வி, டாக்குமென்ட் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஆம், வளரும். ஆனால் அனுப்பாமல் நிற்கும் செய்திகளின் அளவுக்குத்தான் வளரும். வால் கோப்புகளிலோ அந்த போஸ்ட்கிரெஸ் சர்வரில் நடக்கும் எல்லா எழுத்தும் சேரும்: ஆர்டர், அறிக்கை, யாரோ ஓட்டிய பெரிய அப்டேட், எல்லாமே. டிஸ்க் நிரம்பும் வேகம் இரண்டுக்கும் வேறு. "சிக்கல்" என்று ஸ்லைடில் இருந்தது இந்த வேறுபாடாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது அதை எழுதிப் பாருங்கள். ஏறக்குறைய இப்படி வரும்:

> டெபீசியம் (எடுக்கவில்லை). தாமதம் குறைவு, அவுட்பாக்ஸ் டேபிளை அடிக்கடி வினவ வேண்டாம், போலிங் நிரலை நாமே எழுத வேண்டாம். இந்த மூன்றுக்காகவே இது முன்வைக்கப்பட்டது. கனெக்டர் நின்றால் வால் கோப்புகள் முதன்மை டேட்டாபேஸின் டிஸ்க்கில் சேரும் என்பதாலும், காஃப்கா கனெக்ட் இயக்கிய அனுபவம் டீமில் யாருக்கும் இல்லாததாலும் எடுக்கவில்லை. வேறொரு டீம் காஃப்கா கனெக்டைப் பொதுச் சேவையாக இயக்கத் தொடங்கினாலோ, சில வினாடித் தாமதம் ஏற்க முடியாததாக ஆனாலோ மறுபடி பரிசீலிக்கலாம்.

எவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். ஒரு வழிக்கு இந்த ஒரு பத்தி போதும். இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. அந்த வழியின் உண்மையான பலம் இருக்கிறது. விட்டதற்கான காரணம் ஒரு நிகழ்வாக இருக்கிறது. எது மாறினால் முடிவு மாறும் என்பதும் இருக்கிறது. பலரும் விட்டுவிடுவது கடைசியைத்தான். அது இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்துப் படிப்பவர், உங்கள் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது.

பைதான் மொழியின் மேம்பாட்டு முன்மொழிவுகளில் நிராகரித்த யோசனைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. `:=` குறியைக் கொண்டுவந்த PEP 572-ஐப் படித்துப் பாருங்கள். `EXPR as NAME` என்று எழுதலாமே என்று யாருக்கும் தோன்றும். `import`, `except`, `with` ஆகியவற்றில் `as` ஏற்கெனவே வேறு பொருளில் வருவதால் குழப்பம் என்று அங்கே விளக்கியிருக்கிறார்கள். `with` வரியில் பெயருக்குப் போவது அந்தக் கோவையின் மதிப்பே அல்ல, அதன் `__enter__` திருப்பித் தருவது. சிறிய விளக்கம்தான், ஆனால் அதே யோசனையோடு வருபவருக்கு முழுப் பதிலும் கிடைத்துவிடுகிறது.

"அனுபவம் யாருக்கும் இல்லை" என்று அந்தப் பத்தியில் எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். இதை எழுத எல்லோரும் கூச்சப்படுவார்கள். ஆளில்லை, கெடு நெருங்குகிறது, லைசென்ஸுக்குப் பணம் ஒதுக்கவில்லை போன்ற காரணங்களை மறைத்து, அந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பக் காரணத்தை உட்கார வைப்பார்கள். அப்படிச் செய்தால் டாக்குமென்ட் பொய்யாகிவிடுகிறது, அதுவும் ஆபத்தான விதத்தில். ஆளில்லை என்ற காரணம் அடுத்த வருடம் தானாகத் தீர்ந்துவிடலாம். "டெபீசியம் நமக்கு ஒத்துவராது" என்று பதிவாகிவிட்டால், காரணம் தீர்ந்த பிறகும் முடிவு அப்படியே நிற்கும்.

இதே வழியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. எழுத எழுத, மீட்டிங்கில் யாரும் சொல்லாத நல்ல காரணங்கள் உங்களுக்கே தோன்றும். எழுதுங்கள், தவறில்லை. ஆனால் "முடிவெடுத்தபோது பேசப்படவில்லை, எழுதும்போது சேர்த்தது" என்று குறித்துவிடுங்கள்.

அப்புறம், ஸ்லைடில் சிவப்புப் பெருக்கல் குறியோடு ஒரு வரியில் முடிந்துபோன வழி ஒன்று நிச்சயம் இருந்திருக்கும்: டேட்டாபேஸில் கமிட் செய்துவிட்டு நேராகக் காஃப்காவுக்கு அனுப்புவது. அடிக்கப்படுவதற்காகவே நிறுத்திய வழி என்பதால் அதை யாரும் சரியாக எழுதுவதில்லை. அதற்கும் நியாயம் செய்யுங்கள். எல்லாவற்றிலும் எளிது அதுதான். புதிய டேபிள் வேண்டாம், தாமதமும் இல்லை. கமிட்டுக்கும் அனுப்புவதற்கும் நடுவில் சேவை விழுந்தால் ஆர்டர் இருக்கும், செய்தி இருக்காது. வரிசையை மாற்றி முதலில் அனுப்பினால், கமிட் தோற்கும்போது இல்லாத ஆர்டருக்குச் செய்தி போயிருக்கும். ஆர்டருக்கு இது ஆகாது. ஒரு பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற செய்திக்கு இதுவே சரி, ஒன்றிரண்டு தொலைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த எல்லையை எழுதி வைத்தால், அடுத்த டீம் உங்கள் டாக்குமென்டைப் பார்த்து எதற்கெடுத்தாலும் அவுட்பாக்ஸ் போடாது.

நீங்கள் தேர்ந்தெடுத்த வழியையும் இதே கண்ணோடு எழுதுங்கள். அங்கேதான் ஓட்டை தெரியும். "போலிங் வேலை புதிய வரிகளைப் படித்து அனுப்பும்" என்பது ஸ்லைடுக்குப் போதும். டாக்குமென்டில் அந்த வாக்கியத்தை எழுதியதுமே, எது புதியது என்று எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றும். பலர் முதலில் எழுதுவது இது:

```sql
SELECT id, payload FROM outbox
WHERE id > :last_id
ORDER BY id LIMIT 100;
```

சீக்வென்ஸிலிருந்து எண் கிடைப்பது வரியைச் சேர்க்கும்போது, கமிட் ஆகும்போது அல்ல. ஒரு டிரான்ஸாக்ஷன் 101-ஐ வாங்குகிறது, இன்னொன்று 102-ஐ வாங்கி முந்திக்கொண்டு கமிட் செய்கிறது. போலிங் வேலை 102-ஐ அனுப்பிவிட்டு `last_id` 102 என்று குறித்துக்கொள்கிறது. பிறகு 101 கமிட் ஆகிறது, அதை இனி யாரும் படிக்கப்போவதில்லை. பிழைச் செய்தி எதுவும் வராது. சோதனையில் ஒரே ஆளாக ஓட்டிப் பார்த்தால் தெரியவும் தெரியாது. நெரிசல் நேரத்தில் எப்போதாவது ஒரு ஆர்டர் காணாமல் போகும், அவ்வளவுதான். அவுட்பாக்ஸ் எண்ணிக்கையையும் காஃப்காவுக்குப் போன எண்ணிக்கையையும் ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

ஒவ்வொரு வரியிலும் அனுப்பிய நேரத்தைக் குறித்து, குறிக்காதவற்றை எடுத்தால் இது தீரும்:

```sql
SELECT id, payload FROM outbox
WHERE sent_at IS NULL
ORDER BY id LIMIT 100
FOR UPDATE SKIP LOCKED;
```

இதற்கும் விலை உண்டு. அனுப்பிய பிறகு, குறிப்பதற்கு முன் வேலை விழுந்தால் அதே செய்தி இரண்டாம் முறை போகும். எனவே வாங்குபவர்கள் `id`-ஐப் பார்த்து இரட்டையைத் தள்ள வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட போலிங் வேலைகள் ஓடினால் வரிசையும் மாறலாம். இவை விளைவுகள் என்ற பகுதியில் வர வேண்டியவை, ஏனென்றால் இதன் சுமை உங்கள் டீமுக்கு வெளியே விழுகிறது. ஸ்லைடில் பழைய முறை இருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். "முடிவுக்குப் பின் மாறியது" என்று தேதியோடு ஒரு பத்தி எழுதி, ஒப்புதல் கொடுத்தவர்களுக்குக் காட்டுங்கள்.

மற்ற ஸ்லைடுகளில் நிகழ்ச்சி நிரல், டீம் அறிமுகம், கால அட்டவணை எல்லாவற்றையும் தூக்கிவிடலாம். படங்களில் ஒன்று போதும், அதன் ஒவ்வொரு அம்புக்குறியிலும் என்ன போகிறது என்று எழுதியிருந்தால். மொத்தம் மூன்று நான்கு பக்கத்தில் முடியும்.

எழுதி முடித்ததும், மீட்டிங்கில் டெபீசியத்துக்காக வாதாடியவரிடம் அந்த ஒரு பத்தியை மட்டும் காட்டுங்கள். "நான் சொன்னது இதுதான், ஏன் தோற்றேன் என்பதும் இதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்டால் பத்தி சரி. "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றால் திருத்துங்கள். இந்தச் சோதனையை ஆட்கள் அந்த டீமில் இருக்கும்போதுதான் செய்ய முடியும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்லைடுகளைப் பின்னிணைப்பாக வைக்கலாம், தடையில்லை. முடிவெடுத்த நாளின் தேதி போட்டு, இனி திருத்தப்படாது என்று எழுதி, பிடிஎஃப் ஆக வையுங்கள். டாக்குமென்டும் ஸ்லைடும் முரண்பட்டால் டாக்குமென்ட் சொல்வதே செல்லும் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.