முதல் வேலைக்கு லிங்க்ட்இன் ஹெட்லைன்

ஹட்டனில் இருக்கிறேன், இப்போதுதான் சிவில் இன்ஜினியரிங் முடித்தேன். லிங்க்ட்இன் ஹெட்லைனில் என்ன எழுதுவது?

ஹெட்லைன் என்பது பெயருக்குக் கீழே தெரியும் வரி. 220 எழுத்து வரை இடமுண்டு, ஆனால் தேடல் பட்டியலில் பெரும்பாலும் முன்பகுதிதான் தெரியும். ஆள் எடுப்பவர்கள் பதவிப் பெயரையும் மென்பொருள் பெயரையும் தட்டித் தேடுகிறார்கள். கொழும்பு பஸ்ஸின் முன்பலகையைப் போலத்தான்: ஊர்ப்பெயர் இல்லாவிட்டால் யாரும் கை காட்டமாட்டார்கள்.

அதனால் "வேலை தேடும் பட்டதாரி" என்று தொடங்க வேண்டாம். அந்தச் சொற்களைப் போட்டு யாரும் தேடுவதில்லை. "பட்டதாரி சிவில் இன்ஜினியர் | ஆட்டோகேட், ஈடாப்ஸ் | இறுதியாண்டு ப்ராஜெக்ட்: மண்சரிவுச் சாய்வு ஆய்வு" என்ற மாதிரி, உங்கள் சொந்த ப்ராஜெக்ட்டை வைத்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். நேர்முகத்தில் விளக்க முடியாத மென்பொருளைச் சேர்க்காதீர்கள்.

அனுபவம் இல்லாதவர் பதவிப் பெயர் போடக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். முன்னால் "பட்டதாரி" என்று இருந்தால் அது பொய்யல்ல, "பட்டயப் பொறியியலாளர்" என்பதைத்தான் அந்தத் தகுதி பெறும்வரை போடக்கூடாது.