கேலிப்ரேஷன் கோட்டிலிருந்து எல்ஓடி, எல்ஓக்யூ

கேலிப்ரேஷன் கோட்டை வைத்து எல்ஓடி, எல்ஓக்யூ எப்படிக் கணக்கிடுவது? இரண்டும் ஏன் வேறு?

பொருள் இருக்கிறது என்று நம்பிச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த செறிவு எல்ஓடி. எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லக்கூடியது எல்ஓக்யூ. கருவியின் ரீடிங் எப்போதும் சற்றே ஆடும், அதுதான் காரணம். இரைச்சலான பஸ் ஸ்டாண்டில் யாரோ கூப்பிடுவது காதில் விழும். என்ன சொல்கிறார் என்று புரிய, குரல் இன்னும் உயர வேண்டும்.

தண்ணீரில் இரும்பை பினாந்த்ரோலின் சேர்த்து நிறமாக்கி அளக்கிறோம். கோட்டின் சரிவு (S) 0.2, புள்ளிகள் கோட்டைவிட்டு விலகும் திட்டவிலக்கம் (σ) 0.002 என்றால்:

```
LOD = 3.3 × σ / S = 0.033 mg/L
LOQ = 10 × σ / S = 0.1 mg/L
```

லிட்டருக்கு 1 முதல் 5 மி.கி. வரையுள்ள கரைசல்களை மட்டும் வைத்துக் கோடு போட்டால் பெரும்பாலும் σ பெருத்துவிடும், எல்லையும் பொய்யாக உயரும். எல்லைக்குப் பக்கத்திலேயே கரைசல்கள் தயாரியுங்கள். அப்புறம், ரிப்போர்ட்டில் "கண்டறியப்படவில்லை" என்றிருந்தால் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை; இந்த முறைக்குப் பிடிபடாத அளவில் இருக்கலாம்.